பள்ளி மைதானத்தில் ஸ்கேட்டிங்: 6, 7, 8-ஆம் வகுப்புகளுக்கு விழவும் நிற்கவும் சொல்லிக்கொடுப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல் நாளே ஸ்கேட் மாட்டிவிடலாமா சார்? பசங்க அதுக்குத்தான் காத்துட்டு இருக்காங்க.

வேண்டாம். முதல் பீரியட் முழுக்க வெறும் ஷூவோடு, ஆனால் ஹெல்மெட், முட்டி பேட், முழங்கை பேட், மணிக்கட்டு கார்டு எல்லாம் மாட்டிக்கொண்டு விழப் பழகட்டும். முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். இந்த வயதில் உயரம் வந்துவிட்டது, காலில் வேகம் வந்துவிட்டது, கூடவே மற்றவர்கள் பார்க்க விழக்கூடாது என்கிற வீம்பும் வந்துவிட்டது. அந்த வீம்புதான் ஆபத்து. விழப் போகிறோம் என்று தெரிந்ததும் அடங்கி உட்காருகிற பிள்ளை சிராய்ப்போடு எழுந்துவிடும். எப்படியாவது சமாளித்து நின்றுவிடலாம் என்று கையை வீசி உடம்பை முறுக்குகிற பிள்ளைதான் மல்லாக்கப் போய்ப் பின்னந்தலையை இடித்துக்கொள்ளும், இல்லாவிட்டால் கையை ஊன்றி மணிக்கட்டை உடைத்துக்கொள்ளும்.

இரண்டாவது பீரியடில் ஸ்கேட் போடலாம். அதுவும் புல்தரையிலோ யோகா மேட்டின் மேலோதான், அங்கே சக்கரம் உருளாது. அதே விழுதலை அங்கே செய்துவிட்டு, மூன்றாவது பீரியடில் சிமெண்ட் தரைக்கு வந்தால் போதும்.

விழுறதை எப்படி சார் சொல்லிக்கொடுக்கிறது? முன்னாடி விழுறது, பின்னாடி விழுறது ரெண்டும் ஒண்ணுதானா?

இரண்டும் வேறு. ஆனால் தொடக்கம் ஒன்றேதான்: தடுமாறுகிற அந்த நொடியில் முட்டியை மடக்கித் தாழ வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் நிமிர்ந்து நின்றபடி விழுந்தால் தலை நாலடிக்கு மேலே இருந்து வருகிறது. பாதி உட்கார்ந்த நிலையில் விழுந்தால் பாதி உயரம்தான். அதனால் முதலில் ஒரு சொல்லைப் பழக்குங்கள். நான் "தாழு!" என்று கத்துவேன். நடந்துகொண்டிருந்தாலும் ஓடிக்கொண்டிருந்தாலும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் இரண்டு கையையும் முட்டி மேல் வைத்துக் குனிந்துவிட வேண்டும். தலை சுற்றுகிற அளவுக்கு இதைச் செய்யவையுங்கள், பின்னால் ஸ்கேட்டில் இதுதான் காப்பாற்றப் போகிறது.

முன்னால் விழும்போது வரிசை இதுதான்: முதலில் ஒரு முட்டி, அடுத்த முட்டி, பிறகு முழங்கைகள், கடைசியாக மணிக்கட்டு கார்டின் பிளாஸ்டிக் தகடு. நான்கும் பேட்டின் மேல்தான் இறங்க வேண்டும், இறங்கிய வேகத்திலேயே தரையில் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அந்த வழுக்கல்தான் அடியைத் தின்றுவிடுகிறது. விரல்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்திருக்கச் சொல்லுங்கள், தரையில் பரப்பிய விரல் மேல் பின்னால் வருகிறவனின் சக்கரம் ஏறும். இதில் எல்லாப் பிள்ளையும் இயல்பாகச் செய்கிற ஒன்றைத்தான் மாற்ற வேண்டியிருக்கிறது: முழங்கையை விறைப்பாக நீட்டி உள்ளங்கையை ஊன்றுவது. அப்படி ஊன்றினால் மொத்த எடையும் மணிக்கட்டு வழியாக முன்கை எலும்பில் ஏறுகிறது. இந்த வயதில் மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற பகுதி இருக்கிறது, அங்கே அடிபடுவது சாதாரணச் சுளுக்கு மாதிரி இல்லை.

பின்னால் சாயும்போது முதல் வேலை தாடையை நெஞ்சோடு ஒட்டுவது. அப்படியே குத்தவைப்பது போல் தாழ்ந்து, ஒரு பக்கப் புட்டத்தில் உட்கார வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் வால் எலும்பில் அடி விழும், வாரக்கணக்கில் பெஞ்சில் உட்கார முடியாது. கைகள் முன்னால்தான் இருக்க வேண்டும். இதற்கு ஒரு சுலபமான வழி: பயிற்சியின்போது இரண்டு கையிலும் கைக்கொரு டென்னிஸ் பந்தைக் கொடுத்துவிடுங்கள். பந்தைக் கீழே விடாமல் விழ வேண்டும் என்றால் கை தானாகப் பின்னால் போகாது.

விழுந்த பிறகு எழுந்திருக்கத்தான் ரொம்பக் கஷ்டப்படுறாங்களே?

இரண்டு காலையும் ஒரே நேரத்தில் ஊன்றி எழப் பார்ப்பதுதான் காரணம், சக்கரம் ஓடிவிடும். மண்டியிடச் சொல்லுங்கள், ஒரு ஸ்கேட்டை முன்னால் ஊன்றட்டும், அந்த முட்டி மேலேயே இரண்டு கையையும் அழுத்தி எழட்டும், எழும்போதே மற்ற ஸ்கேட்டின் குதிகாலை முதல் ஸ்கேட்டின் குதிகாலோடு சேர்த்து கால்விரல்களை வெளியே விரித்து வைக்கட்டும். அந்த வி வடிவில் சக்கரம் முன்னும் ஓடாது, பின்னும் ஓடாது. பக்கத்தில் இருப்பவன் கை கொடுத்துத் தூக்குவதை மட்டும் தடை செய்துவிடுங்கள், இரண்டு பேரும் சேர்ந்துதான் விழுவார்கள்.

ஸ்கூல் பட்ஜெட் கம்மி. பேட், ஹெல்மெட்டில் எதை முதலில் வாங்கலாம்?

ஹெல்மெட்டும் மணிக்கட்டு கார்டும் இல்லாமல் வகுப்பே வேண்டாம். அடுத்து முட்டி பேட், அதற்கடுத்து முழங்கை பேட். கடைகளில் முட்டி, முழங்கை பேட் செட்டாகக் கொடுத்துவிட்டு மணிக்கட்டு கார்டைச் சில சமயம் விட்டுவிடுகிறார்கள், கேட்டு வாங்குங்கள். 1996-ல் அமெரிக்காவில் வந்த ஒரு மருத்துவ ஆய்வில், சக்கரங்கள் ஒரே வரிசையில் இருக்கும் இன்லைன் ஸ்கேட்டிங்கில் அடிபட்டு அவசர சிகிச்சைக்கு வந்தவர்களிடம் மிக அதிகமாகக் காணப்பட்டது மணிக்கட்டு அடிதான். கார்டு போடாதவர்களுக்கு அந்த அடி படுகிற வாய்ப்பு, போட்டவர்களைவிடச் சுமார் 10 மடங்கு என்று கணக்கிட்டிருந்தார்கள். பணம் பற்றாவிட்டால் ஸ்கேட் ஜோடிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள், காப்புகளைக் குறைக்காதீர்கள்.

கார்டை மாட்டுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வளைந்த பிளாஸ்டிக் தகடு உள்ளங்கைப் பக்கம் வர வேண்டும். இடது, வலது மாற்றிப் போட்டுக்கொண்டால் அது புறங்கைக்குப் போய்விடும், வெளியிலிருந்து பார்க்க எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். வரிசையாக நிற்கவைத்து உள்ளங்கைகளை நீட்டச் சொல்லி ஒவ்வொருவருடையதையும் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று கேட்க வேண்டும்.

ஹெல்மெட் புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலத்தில் உட்கார வேண்டும், பின்னால் சாய்ந்து நெற்றி முழுக்கத் தெரிந்தால் பயனில்லை. பக்கவாட்டு வார் இரண்டும் காது மடலுக்குக் கீழே சேர வேண்டும், தாடை வாருக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல்தான் நுழைய வேண்டும். பூட்டிய பிறகு "இல்லை, இல்லை" என்று தலையை ஆட்டச் சொல்லுங்கள், ஹெல்மெட் தனியாக ஆடினால் பின்பக்கத் திருகைச் சரிசெய்ய வேண்டும்.

நம் ஊர்ப் பெண் பிள்ளைகளுக்கு இதில் ஒரு கூடுதல் வேலை உண்டு. ரெட்டைப் பின்னலை மடித்து ரிப்பன் கட்டியிருந்தால் ஹெல்மெட் உள்ளே இறங்கவே இறங்காது, பின்னலுக்கு மேல் மிதந்துகொண்டிருக்கும். ஸ்கேட்டிங் உள்ள நாளில் கழுத்துக்குக் கீழே தாழ்வாக ஒற்றைப் பின்னல், பூ வேண்டாம், ஹேர் கிளிப் வேண்டாம் என்று முந்தின நாளே டைரியில் எழுதி அனுப்பிவிடுங்கள். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு டிராக் பேண்ட் போட்டுவரட்டும். மெல்லிய ஹிஜாப் ஹெல்மெட்டுக்கு உள்ளே அழகாகப் பொருந்தும், நுனியை மட்டும் சட்டைக்குள் சொருகிக்கொண்டால் சரி.

அப்பாவோட பைக் ஹெல்மெட் போட்டு அனுப்பலாமா?

கூடாது. கனம் அதிகம், அந்த வயதுக் கழுத்து தாங்காது, தலை அளவும் பொருந்தாது, முக்கியமாக விசில் காதில் விழாது. சைக்கிள் ஹெல்மெட் இருந்தால் நல்லது. EN 1078 என்று உள்ளே ஒட்டியிருந்தால் அது சைக்கிளுக்கும் ஸ்கேட்டிங்குக்கும் சேர்த்து வகுத்த ஐரோப்பியத் தரம். எந்த ஹெல்மெட்டானாலும் ஒருமுறை பலமாக இடித்துவிட்டால் உள்ளே இருக்கும் தெர்மோகோல் நசுங்கியிருக்கும், மேலே கீறல் கூடத் தெரியாது. அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

எங்க ஸ்கூல்ல தனியா ரிங்க் எல்லாம் கிடையாது. எங்கே சொல்லிக்கொடுக்கிறது?

பேஸ்கெட்பால் கோர்ட் சிமெண்ட் தரையாக இருந்தால் அதுவே போதும். பிரார்த்தனைக் கூடத்தின் சிமெண்ட் தரையும் சரிதான். பேவர் பிளாக் பதித்த முற்றம் வேண்டாம், சின்னச் சக்கரம் ஒவ்வொரு இடுக்கிலும் தட்டும். வழுவழு டைல்ஸ் மழைக்காலத்தில் மிக மோசம்.

தரை வாட்டமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பந்தை வைத்துவிட்டு நில்லுங்கள். அது எந்தப் பக்கம் உருள்கிறதோ அந்தப் பக்கம்தான் உங்கள் பிள்ளைகளும் போகப் போகிறார்கள். மழைத்தண்ணீர் வடிவதற்காகப் பல கோர்ட்டுகளில் லேசான சரிவு விட்டிருப்பார்கள். சரிவின் கீழ்ப்பக்கம் சுவரோ கம்பமோ இல்லாமல் காலி இடமாகவோ புல்தரையாகவோ இருக்க வேண்டும். அப்புறம் விளக்குமாறு: ஒரு ஜல்லித்துண்டு சக்கரத்துக்கு முன்னால் வந்தால் சக்கரம் அப்படியே நிற்கும், பிள்ளை நிற்காது. வேப்பமரம் இருக்கிற பள்ளியில் காலையில் பெருக்கியது பதினொரு மணிக்குச் செல்லாது. சொல்லப்போனால் பதினொரு மணிக்கு வெயிலில் காய்ந்த சிமெண்டில் விழச் சொல்வதே கொடுமை, முதல் இரண்டு பீரியடுக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.

குவாட் வாங்கலாமா, இன்லைன் வாங்கலாமா?

பள்ளியில் பலரும் மாற்றி மாற்றிப் போடுவதற்கு, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு என்று நான்கு சக்கரம் உள்ள குவாட்தான் வசதி. ஷூவுக்கு மேலேயே மாட்டி நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற வகையாக இருந்தால் ஒரே ஜோடி மூன்று வகுப்புக்கும் ஆகும். ஆனால் ஷூ லேஸ் கட்டுகிற கேன்வாஸ் ஷூவாக இருக்க வேண்டும், தளர்ந்த ஷூவுக்குள் குதிகால் தூக்கினால் மேலே எவ்வளவு இறுக்கியும் பயனில்லை.

சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் உலக ஸ்பீட் ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கியதைப் பார்த்துவிட்டு, பெற்றோர் சிலர் நேராகப் போட்டிக்கான ஸ்பீட் ஸ்கேட்டையே வாங்கிவிடப் பார்க்கிறார்கள். அந்த ஸ்கேட்டில் பிரேக்கே கிடையாது, கணுக்கால் பிடிப்பும் குறைவு. நிற்கத் தெரிந்தவர்களுக்காகச் செய்தது அது.

நிறுத்துறதுக்கு எந்த முறையை முதலில் சொல்லிக்கொடுக்கணும்?

கலப்பை ஸ்டாப், அதாவது பிளவ். குவாட், இன்லைன் இரண்டிலும் இது செல்லும், இரண்டு காலும் தரையில் இருப்பதால் ஒற்றைக் காலில் நிற்கத் தெரியாத பிள்ளையும் செய்யும்.

உருளாத புல்தரையில் தொடங்குங்கள். கால்களைத் தோளைவிட அகலமாக விரித்து, முட்டியை நன்றாக மடக்கி, கட்டைவிரல்கள் லேசாக ஒன்றையொன்று பார்க்கும்படி திருப்பி நிற்கட்டும். இப்போது குதிகால்களை வெளிப்பக்கம் தள்ளச் சொல்லுங்கள், தரையில் கிடக்கும் துணியை இரண்டு பக்கமும் இழுத்துக் கிழிக்கப் பார்ப்பது போல. தொடையின் உள்பக்கம் இறுகுவது தெரிந்தால் சரியாகச் செய்கிறார்கள். அடுத்து சிமெண்டில், நாலு எட்டு மெல்ல எடுத்துவைத்து இரண்டு காலிலும் வழுக்கிவந்து இதையே செய்யட்டும்.

இங்கே இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, கால்விரல்களை அதிகமாக உள்ளே திருப்பிவிடுவார்கள், முன்சக்கரங்கள் ஒன்றோடொன்று மோதி முன்னால் கவிழ்வார்கள். கால் அகலம் போதவில்லை என்று அர்த்தம், இரண்டு முட்டிக்கும் நடுவே ஒரு கால்பந்து இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னால் சரியாகிவிடும். இன்னொன்று, கால் அகன்றுகொண்டே போகும் ஆனால் வேகம் குறையாது. அப்போது முட்டியைப் பாருங்கள், விறைப்பாக நிற்கும். முட்டி மடங்காமல் சக்கரத்தின் உள்விளிம்பில் எடை இறங்காது.

எப்போது தேறியதாக எடுத்துக்கொள்வது? கோர்ட்டின் நடுக்கோட்டைத் தாண்டும்போது விசில் ஊதுவேன். ஓட்டமாக நடக்கிற வேகத்தில் வருகிற பிள்ளை மூன்று மீட்டருக்குள், கையை எதன் மேலும் ஊன்றாமல், தொடர்ந்து மூன்று முறை நின்றால் தேறியது. அதுவரை வேகமாகத் தள்ளுவதோ, வட்டமடிப்பதோ, ரேஸோ கிடையாது. இந்த ஒரு விதியைப் பிள்ளைகளே எவ்வளவு கறாராகக் காப்பாற்றுகிறார்கள் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும், "அவன் இன்னும் நிக்கவே இல்ல சார்" என்று நாலு குரல் வரும்.

முன்னாடி ரப்பர் ஸ்டாப்பர் இருக்கே, அதை அழுத்தினா நிக்காதா?

நிற்கும், தலைகுப்புற. குவாட்டின் முன்பக்க ரப்பரை ஓடும்போது முன்காலில் குத்தினால் கால் நின்று உடம்பு முன்னால் போய்விடும். அதைப் பயன்படுத்துகிற முறை, அந்தக் காலைப் பின்னால் விட்டு ரப்பரைத் தரையில் லேசாக இழுத்துக்கொண்டே வருவது, எடை முழுக்க முன்காலில். அதற்கு ஒற்றைக் காலில் மூன்று நொடியாவது நேராக வழுக்க வரவேண்டும். பின்காலைக் குறுக்காக வைத்து இழுக்கிற டி ஸ்டாப்புக்கும் இதே நிபந்தனைதான். இரண்டையும் பிளவ் தேறிய பிறகு எடுங்கள். இன்லைனில் குதிகாலில் இருக்கும் பிரேக் வேறு: பிரேக் உள்ள காலை முன்னால் நீட்டி, நாற்காலியில் உட்காருவது போல் தாழ்ந்து, அந்தக் காலின் விரல் பக்கத்தைத் தூக்க வேண்டும்.

ஒரு கிளாஸ்ல 32 பேர், ஸ்கேட் 16 ஜோடி, 40 நிமிஷ பீரியட். எப்படி ஓட்டுறது?

ஜோடி சேர்த்துவிடுங்கள். ஒருவர் ஸ்கேட்டில், ஒருவர் ஷூவில். ஷூவில் இருப்பவர் சும்மா நிற்பவர் இல்லை: மாட்டும்போது ஹெல்மெட், கார்டு, வார் எல்லாம் சரிபார்ப்பவர் அவர்தான், பிறகு கோட்டுக்கு வெளியே நின்று கூட்டாளி முட்டியை மடக்குகிறாரா என்று மட்டும் பார்த்துச் சொல்லுவார். மாட்ட 6 நிமிடம், பயிற்சி 11, மாற்ற 6, மறுபடி 11, கழற்றி அடுக்க 6 என்று பிரித்தால் 40 வந்துவிடும். குறைவுதான். ஆனால் இந்தத் தொடக்கக் கட்டத்தில் 11 நிமிடத்துக்கு மேல் போனால் தொடை சோர்ந்து முட்டி தானாக நிமிர ஆரம்பிக்கும், விழுவதெல்லாம் அப்போதுதான். 16 பேரையும் ஒரே திசையில் மட்டும் ஓடவிடுங்கள், எதிரும் புதிருமாக வேண்டாம். பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடிக்கக் கூடாது, சட்டையைப் பிடிக்கவே கூடாது.

ஒரு பொண்ணு எவ்வளவு சொன்னாலும் இடது பக்கமே போய் விழுறா. என்ன பண்றது?

திட்டுவதற்கு முன் ஸ்கேட்டை மாற்றிப் பாருங்கள். எங்கள் ஏழாம் வகுப்பில் இப்படித்தான் ஒருத்தி, நேராகத் தொடங்கி நாலு மீட்டரில் இடப்பக்கம் வளைந்துவிடுவாள். அவளது ஜோடியைக் கூட்டாளிக்கு மாட்டினேன், கூட்டாளியும் இடப்பக்கம் வளைந்தாள். அப்படியென்றால் குறை உடம்பில் இல்லை, ஸ்கேட்டில். தலைகீழாகத் திருப்பி எட்டுச் சக்கரத்தையும் ஒவ்வொன்றாக விரலால் சுண்டினேன். ஏழு சக்கரம் சில நொடி சுற்றின, இடது ஸ்கேட்டின் உள்பக்கப் பின்சக்கரம் அரைச் சுற்றில் நின்றது. நட்டைக் கழற்றினால் பேரிங்கைச் சுற்றி நூலும் தலைமுடியுமாக ஒரு வளையம், பெருக்காத தரையின் வேலை. ஊசியால் எடுத்துவிட்டு, நட்டை முழுக்க இறுக்கி, பிறகு கால் சுற்று தளர்த்தினேன். சக்கரம் தடையில்லாமல் சுற்ற வேண்டும், ஆனால் பிடித்து ஆட்டினால் லொடலொடவென்று ஆடக்கூடாது, அதுதான் அளவு. அன்றைக்கே அவள் நேராக வந்தாள்.

ஸ்கேட்டை மாற்றியும் அவளே வளைகிறாள் என்றால் பார்வையைக் கவனியுங்கள். பெரும்பாலும் தன் காலையே பார்த்துக்கொண்டு ஒரு பக்கம் சாய்ந்திருப்பாள். எதிரே நின்று விரல்களைக் காட்டி எத்தனை என்று கேட்டுக்கொண்டே வரவையுங்கள், தலை நிமிரும், தோள் நேராகும்.

விழுந்து கை வலிக்குதுன்னு அழுறான். ஐஸ் வச்சா போதுமா?

மணிக்கட்டு என்றால் நீவிவிடாதீர்கள், இழுத்துப் பார்க்காதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். வடிவம் மாறியிருந்தாலோ, வீங்கினாலோ, எலும்பின் மேல் ஒரே இடத்தில் தொட்டால் துடித்தாலோ, பென்சிலைக்கூடப் பிடிக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ஒரு நோட்டை முன்கைக்கு அடியில் கொடுத்துத் துப்பட்டாவால் தளர்வாகக் கட்டி, கையை நெஞ்சோடு தாங்கி அழைத்துப் போங்கள். விரல்கள் வெளுத்தாலோ மரத்துப்போனாலோ தாமதிக்கவே கூடாது.

தலையில் அடி என்றால் அழாவிட்டாலும் அன்றைக்கு ஸ்கேட்டிங் முடிந்தது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பது, இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், ஏனென்றால் சில அறிகுறிகள் சாயங்காலம்தான் தெரியும். பிள்ளை தானாகப் போய்ச் சொல்லாது, அடுத்த வகுப்புக்கு அனுப்ப மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும்.